11 நிமிட உரையை 8 நிமிடத்துக்குள் கொண்டுவந்தது: ஒரு பிரதித் திருத்தத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

செவிலியர் பயிற்சியை முடித்தவர்களுக்கான நிறைவு விழா. சிறப்புரை ஆற்ற வேண்டியவர் நீண்ட அனுபவமுள்ள மூத்த செவிலியர். மேடைப் பேச்சு அவருக்குப் புதிதல்ல என்றாலும், எழுதிவைத்துப் படிப்பவர்; குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவதில் அவருக்கு விருப்பமில்லை. ஒதுக்கப்பட்ட நேரம் 8 நிமிடம். அவருடைய உரை முடிந்ததும் சான்றிதழ் வழங்கல் தொடங்கும். அதனால் நேரம் மீறினால் பாதிக்கப்படுவது மேடை அல்ல, வரிசையில் நிற்கும் மாணவர்கள்.

விழாவுக்கு ஒன்பது நாள் முன்பு பிரதி திருத்தத்துக்கு வந்தது. 1,050 சொற்கள். இலக்கணப் பிழை அநேகமாக இல்லை. எழுத்தாகப் படித்தால் நல்ல கட்டுரை. பேச்சாளரின் கோரிக்கை, 'கொஞ்சம் நீளம் குறைத்து, முடிவை மட்டும் மெருகேற்றித் தாருங்கள்' என்பதுதான்.

முதல் வாசிப்பில் கண்டவை

திருத்துநர் பிரதியைக் கண்ணால் படிக்கவில்லை. பேச்சாளரை நின்றபடி, மேடையில் படிக்கும் குரலில், முழுதும் படிக்கச் சொல்லி செல்பேசியில் பதிவு செய்தார். இந்த வரிசை முக்கியம். ஒருமுறை கண்ணால் படித்துவிட்டால் வாக்கியம் எங்கே போய் முடியும் என்பது தெரிந்துவிடும். பிறகு கேட்கும்போது குழப்பம் உறைக்காது. அவையினருக்குக் கிடைப்பது ஒரே ஒரு கேட்பு. திருத்துநருக்கும் அப்படி ஒன்று தேவை, அது ஒருமுறைதான் கிடைக்கும்.

பிறகு பதிவைத் திரும்ப ஓடவிட்டு, அச்சுப் பிரதியில் மூன்று வகைக் குறிகள் இட்டார். மூச்சு வாங்கிய இடத்தில் சாய்கோடு. நாக்கு தடுக்கிய இடத்தில் வட்டம். கேட்கும்போது கவனம் நழுவிய இடத்தில் ஓரத்தில் ஒரு நெடுங்கோடு. குறிகளைப் பார்த்தபோது சிக்கல் தெளிவாகத் தெரிந்தது. பேச்சாளர் ஏழு முதல் ஒன்பது சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார். வாக்கியங்களோ 20 சொல்லைத் தாண்டிப் போயின. ஆகவே நிறுத்தம் பொருள் முடியும் இடத்தில் விழாமல், மூச்சு தீர்ந்த இடத்தில் விழுந்தது. கேட்பவர் காதில் அது வாக்கியம் இரண்டாக உடைந்ததுபோல் ஒலித்தது.

ஒரு வாக்கியத்தை மாதிரிக்கு எடுத்துக்கொள்ளலாம்:

"கடந்த காலங்களில் பல்வேறு இன்னல்களுக்கிடையிலும் தன்னலம் கருதாது பிறர் நலம் ஒன்றையே குறிக்கோளாகக் கொண்டு இரவு பகல் பாராது உழைத்த மூத்த செவிலியர்கள் நமக்கு விட்டுச் சென்றிருக்கின்ற உயரிய மரபுகளை இளைய தலைமுறையினராகிய நீங்கள் போற்றிப் பாதுகாக்க வேண்டும்."

28 சொற்கள். 'நீங்கள்' வருவது 25ஆவது சொல்லாக. தமிழில் அடைமொழியும் எச்சமும் முன்னே வரும், வினைமுற்று கடைசியில் வரும். அச்சில் இது தொல்லையில்லை. கண் பின்னோக்கிப் போய் எடுத்துக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி கிடையாது. யாரைப் பற்றி, எதைப் பற்றி என்று தெரியாமலேயே இருபது சொல்லைக் கையில் ஏந்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். பெரும்பாலோர் காத்திருப்பதில்லை. நெடுங்கோடு விழுந்த இடங்களில் பெரும்பாலானவை இத்தகைய வாக்கியங்கள்தான்.

இதைவிட நுணுக்கமான இன்னொரு சிக்கல் எதிர்மறை. "இரவுப் பணியும், ஓய்வில்லாத நாட்களும், நோயாளிகளின் கோபமும் உங்கள் மனவுறுதியைக் குலைத்துவிடும் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை." கடைசிச் சொல் வரும்வரை அவை கேட்டுக்கொண்டிருப்பது 'உங்கள் மனவுறுதி குலைந்துவிடும்' என்ற செய்தியை. மறுப்பு வரும்போது மனத்தில் படிய வேண்டியது படிந்துவிடும். நம்பிக்கையூட்ட எழுதிய வாக்கியம் கேட்கும்போது அச்சுறுத்தலாக மாறுவது இப்படித்தான்.

மூன்றாவது, 'வேண்டும்'. அறிவுரைப் பகுதியில் அடுத்தடுத்து ஒன்பது வாக்கியங்கள் அந்தச் சொல்லில் முடிந்தன. குரல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தாழ்ந்தது. நான்காவது 'வேண்டும்' வரும்போது பொருள் போய் ஓசை மட்டும் மிஞ்சியது.

நேரக் கணக்கு

முதல் வாசிப்பு 11 நிமிடம் 40 விநாடி எடுத்தது. அதாவது நிமிடத்துக்கு 90 சொல். ஆங்கிலப் பேச்சுக்குப் பரவலாகச் சொல்லப்படும் நிமிடத்துக்கு 130 சொல் என்ற கணக்கைத் தமிழுக்கு வைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொண்டு தமிழ்ச் சொல் நீளமாக இருக்கிறது. 'சென்றிருக்கின்ற' என்பது எண்ணிக்கையில் ஒரு சொல், வாயில் ஐந்து அசைவு. பேச்சாளரும் அந்த 130 கணக்கை நம்பித்தான் 1,050 சொல் எட்டு நிமிடத்துக்குச் சரியாக இருக்கும் என்று எழுதியிருந்தார்.

90 என்பதும் கடைசிக் கணக்கல்ல. அது மூடிய அறையில் ஒருவர் முன்னால் படித்த வேகம். மைக் முன்னால், ஒலி திரும்பி வரும் மண்டபத்தில் சிலர் வேகம் குறைவார்கள், பதற்றத்தில் சிலர் கூடுவார்கள். ஊகிப்பதைவிடப் பழைய பதிவு இருந்தால் அதை அளப்பது நல்லது. இவர் வேறொரு நிகழ்ச்சியில் பேசிய காணொளி கிடைத்தது. அதில் 2 நிமிடப் பகுதியை எழுத்தாக்கி எண்ணியபோது 164 சொல் வந்தது. மேடையில் இவர் வேகம் நிமிடத்துக்கு 82.

8 நிமிடத்தில், மைக் வரை நடப்பது, கைத்தட்டல், இடைநிறுத்தம் ஆகியவற்றுக்கு 40 விநாடி ஒதுக்கப்பட்டது. எஞ்சியது 7 நிமிடம் 20 விநாடி. 82ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 600 சொல். குறைக்க வேண்டியது 'கொஞ்சம்' அல்ல, 450 சொல்.

எதை எடுப்பது, ஏன்

சொல் சொல்லாகச் செதுக்கி 450 சொல்லை எடுக்க முடியாது. எடுத்தாலும், மிஞ்சுவது செய்தி அடர்ந்த வாக்கியங்கள். காதுக்கு அடர்த்தி பகை. நீளமான உரையை இறுக்கிச் சுருக்கினால் நேரம் குறையும், கேட்பது முன்னைவிடக் கடினமாகும். ஆகவே பகுதிகளையே எடுப்பது என்று முடிவானது.

முதலில் ஒவ்வொரு பகுதிக்கும் சொல் எண்ணிக்கை எழுதப்பட்டது. அவை விளிப்பு 130, செவிலியப் பணியின் வரலாறு 210, தொழிலில் வந்த மாற்றங்கள் 180, அறிவுரைகள் 260, ஒரு இரவு நடந்த சம்பவம் 150, நன்றியும் முடிவும் 120. பிறகு பேச்சாளரிடம் ஒரே கேள்வி: பிரதியைப் பார்க்காமல், வந்தவர்கள் வீட்டுக்கு எதை எடுத்துப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். அவர் தயங்காமல் சொன்னது சம்பவத்தை. பிரதியில் ஏழில் ஒரு பங்குதான் அதற்குக் கிடைத்திருந்தது.

வரலாற்றுப் பகுதி முழுவதும் நீக்கப்பட்டது. அது பிளாரன்ஸ் நைட்டிங்கேலைப் பற்றியது: 1854இல் கிரிமியப் போரின்போது ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குப் போனது, கைவிளக்கு, எல்லாம் சரியான தகவல்கள். ஆனால் அவையில் இருப்பவர்கள் அதைப் பாடமாகப் படித்துத் தேர்வெழுதியவர்கள். அதோடு, அந்த மேடையில் அவருக்கு முன்னால் பேசுபவர் அதைத் தொடாமல் போகப் போவதில்லை. பேச்சாளருக்கு இது வருத்தம்தான். அதிக உழைப்புப் போட்ட பகுதி அது. உழைப்பு தெரியும் பகுதியும் உரைக்குத் தேவையான பகுதியும் ஒன்றாக இருப்பது அபூர்வம். தொழில் மாற்றங்கள் பற்றிய பகுதியும் போனது. ஒன்பது அறிவுரைகளில் இரண்டும், அச்சுறுத்தலாக ஒலித்த மனவுறுதி வாக்கியமும் மட்டும் நின்றன. விளிப்பில் மேடையில் இருந்த ஒவ்வொருவரின் பெயரும் பதவியும் வந்திருந்தது. வரவேற்புரையில் அவை வந்துவிடும் என்பதால் 35 சொல்லாகச் சுருங்கியது.

சம்பவத்துக்கு மட்டும் சொல் கூட்டப்பட்டது: 150இலிருந்து 260. புதுத் தொடக்கத்துக்கு 55, அறிவுரைகளுக்கு 190, முடிவுக்கு 60. மொத்தம் 600.

வாக்கியங்களில் செய்த மாற்றம்

28 சொல் வாக்கியத்தில் திருத்துநர் முதலில் கேட்டது, 'எந்த மரபு?' என்பது. வேலை மாறும்போது நோயாளியைப் பற்றிய தகவலைச் செவிலியர் மேசையில் நின்று ஒப்படைக்காமல், கட்டிலருகே போய், நோயாளி கேட்க ஒப்படைப்பது என்று பேச்சாளர் சொன்னார். பிரதியில் அது இல்லவே இல்லை. முதல் மறுவடிவம் இப்படி வந்தது:

"உங்களுக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர்கள் ஒரு பழக்கத்தை விட்டுப் போயிருக்கிறார்கள். பணி மாறும் நேரத்தில், மேசையருகே நின்று பேச மாட்டார்கள். கட்டிலருகே போவார்கள். நோயாளியின் எதிரிலேயே ஒப்படைப்பார்கள். அந்தப் பழக்கத்தை விடாதீர்கள்."

எழுத்தில் சரி. வாய்விட்டுப் படித்தபோது 'ஆர்கள், ஆர்கள், ஆர்கள்' என்று ஒரே தட்டு. தமிழில் வாக்கியத்தை வெட்டும்போது அடிக்கடி வரும் கோளாறு இது. நீண்ட வாக்கியத்தில் ஒரு வினைமுற்று. ஐந்தாக வெட்டினால் ஐந்து வினைமுற்று, எழுவாய் ஒன்றே என்பதால் ஐந்துக்கும் ஒரே விகுதி. நீளம் குறைந்தது என்று நிறுத்திக்கொண்டால் புதிய சலிப்பு உள்ளே வந்துவிடும். இரண்டு இடத்தில் முடிவு மாற்றப்பட்டது:

"பணி மாறும் நேரத்தில், மேசையருகே நின்று பேசுவது கிடையாது. கட்டிலருகே போவார்கள். நோயாளியின் எதிரிலேயே ஒப்படைப்பு. அந்தப் பழக்கத்தை விடாதீர்கள்."

ஒன்று 'கிடையாது' என்று முடிகிறது, ஒன்று பெயர்ச்சொல்லில் நிற்கிறது. மாறாத முதல் வாக்கியத்தையும் சேர்த்து மொத்தம் 24 சொல். சொல் எண்ணிக்கையில் பெரிய மிச்சமில்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு மூச்சுக்குள் அடங்குகிறது.

எதிர்மறை வாக்கியம் தலைகீழாக்கப்பட்டது. "உங்கள் மனவுறுதி குலையாது. இரவுப் பணி வரும். ஓய்வில்லாத நாட்கள் வரும். நோயாளிகள் கோபப்படுவார்கள். குலையாது." மறுப்பு முதலிலேயே வந்துவிடுவதால், பின்னால் வரும் தொல்லைகளைக் கேட்கும்போது தான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது அவைக்குத் தெரியும். கடைசியில் வினையை மறுபடி சொல்வது மேடைக்கே உரிய உத்தி. உரை முழுவதிலும் இந்த ஓர் இடத்தில் மட்டும் அதற்கு அனுமதி தரப்பட்டது. இரண்டாம் முறை வந்தால் அது பாணியாகத் தெரிய ஆரம்பிக்கும்.

நடை பற்றியும் ஒரு முடிவு தேவைப்பட்டது. படிக்கும்போது பேச்சாளர் 'இருக்கின்றது' என்ற இடத்தில் சில முறை 'இருக்கு' என்று சறுக்கினார். முழுதும் பேச்சுவழக்குக்கு மாற்றலாமா என்ற யோசனை எழுந்தது. கைவிடப்பட்டது: பேச்சுவழக்கை எழுதிவைத்துப் படித்தால் நடிப்பதுபோல் ஒலிக்கும், அவர் படிப்பவர், பேசுபவர் அல்ல. எழுத்து நடையிலேயே குட்டை வடிவங்கள் வைக்கப்பட்டன: 'இருக்கிறது', 'பார்க்காமல்', 'அதனால்'. சம்பவத்தில் பாத்திரங்கள் பேசும் சொற்கள் மட்டும் பேச்சுவழக்கில். வட்டமிட்ட சொற்களில் 'கடைப்பிடித்தொழுகுதல்' போன்றவை போயின.

சம்பவத்தின் சாரம் இது. முதியவர் ஒருவர் இரவு முழுவதும் அழைப்பு மணியை அழுத்தி, 'மணி என்னம்மா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பயிற்சிச் செவிலியர் ஒவ்வொரு முறையும் வந்து நேரத்தைச் சொல்லிவிட்டுப் போனார். ஒருமுறை எரிச்சலோடு, வேறு வழியில்லாமல், பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தார். அதன் பிறகு விடியும்வரை மணி அடிக்கவில்லை. மறுவடிவத்தைப் பிரதி பார்க்காத இருவருக்குப் படித்துக்காட்டி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். இருவரும் நடுவில் குழம்பினர். ஒருவர், 'உட்கார்ந்தது யார்?' என்றார். காரணம் 'அவர்'. முதியவரும் அவர், செவிலியரும் அவர். கதைப் பகுதியில் அந்தச் சொல் முற்றாக நீக்கப்பட்டு, 'பெரியவர்', 'அந்தப் பெண்' என்றே எல்லா இடத்திலும் எழுதப்பட்டது. அச்சில் அந்தத் திருப்பிச் சொல்லல் அலுப்பூட்டும். காதில் யாரும் கவனிப்பதில்லை.

முடிவுரை

மூலப் பிரதியில் நான்கு முடிவுகள் இருந்தன. 'இறுதியாக' என்று தொடங்கி ஒரு வேண்டுகோள். 'நிறைவாக' என்று வாழ்த்து. பிறகு ஒரு குறள். பிறகு நன்றி. ஒவ்வொரு முறையும் அவை கைதட்டத் தயாராகி, ஏமாந்து, மறுபடி காத்திருக்கும். கடைசி வாக்கியம், "வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன்." உரையின் இறுதி ஒலி 'விடைபெறுகிறேன்'. குரல் இயல்பாகத் தாழ்ந்து தேயும் ஒரு விகுதி. எடுத்துப் போக அதில் ஒன்றுமில்லை.

குறள் 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்று தொடங்கும் 948ஆவது. மருத்துவம் சார்ந்த எந்த மேடையிலும் கேட்கக் கிடைப்பது. அது நோயைக் கண்டறிபவருக்குச் சொன்னது. அதே அதிகாரத்தில் 950ஆவது குறள், மருத்துவத்தை நான்காகப் பிரித்து, நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்த்துக்கொள்பவர் என்று சொல்கிறது. செவிலியருக்குரிய குறள் அதுதான். ஆனால் அதை முடிவில் வைக்க முடியாது: ஒருமுறை கேட்டால் பிடிபடாத சொற்கள் அதில் உண்டு, விளக்கம் தர வேண்டும், விளக்கம் வேண்டிய முடிவு பாதியில் அணைந்துவிடும். ஆகவே கருத்து மட்டும் தொடக்கத்துக்குப் போனது: "மருத்துவத்துக்கு நான்கு பகுதி என்கிறார் வள்ளுவர். நோயாளி. மருத்துவர். மருந்து. நான்காவது? நீங்கள்."

நன்றி விளிப்போடு சேர்க்கப்பட்டது. முடிவு சம்பவத்திலிருந்தே எடுக்கப்பட்டது. கடைசி மூன்று வாக்கியங்கள்:

"இரவில் யாராவது மணி என்ன என்று கேட்பார்கள். மணியைச் சொல்லுங்கள். அப்புறம், கொஞ்சம் உட்காருங்கள்."

ஆறு சொல், இரண்டு, மூன்று. 'கொஞ்சம் உட்காருங்கள்' என்பதில் புதிய செய்தி எதுவும் இல்லை. சம்பவம் அந்தச் சொல்லுக்குள் ஏற்கனவே பொருளைப் போட்டு வைத்திருக்கிறது. அதனால்தான் சம்பவத்தில் 'உட்கார்ந்தாள்' என்பது ஒரே ஒருமுறை, தனி வாக்கியமாக வரும்படி பார்த்துக்கொள்ளப்பட்டது. முன்னால் மூன்று முறை சொல்லிவிட்டால் முடிவில் பலமிருக்காது. அதன் பாடத்தை விளக்கிப் பேச்சாளர் எழுதியிருந்த இரண்டு வாக்கியங்களும் அதே காரணத்துக்காக நீக்கப்பட்டன.

'நன்றி, வணக்கம் சொல்லாமல் எப்படி இறங்குவது?' என்று பேச்சாளர் கேட்டார். நியாயமான கேள்வி; அது இல்லாமல் உரை முடிந்ததா என்று அவைக்குத் தெரியாது. 'வணக்கம்' மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் மனத்துக்குள் மூன்று எண்ணிவிட்டு என்று முடிவானது. ஒத்திகையில் இரண்டு முறையும் 'உட்காருங்கள் வணக்கம்' என்று ஒட்டிக்கொண்டு வந்தது. கண் அடுத்த சொல்லைப் பார்த்துவிட்டால் வாய் நிற்காது. எனவே 'வணக்கம்' தனித் தாளுக்கு மாற்றப்பட்டது. தாளை நகர்த்தும் நேரமே இடைநிறுத்தமானது.

தாள்

16 புள்ளி எழுத்து, ஒன்றரை இடைவெளி, ஒரு பக்கம் மட்டும் அச்சு. தாளின் ஓரம் வரை வரியை ஓடவிடாமல், மூச்சு விழும் இடத்தில் வரி உடைக்கப்பட்டது. எந்த வாக்கியமும் இரண்டு தாளில் பிரியவில்லை. தாளின் கீழ் மூன்றில் ஒரு பங்கு வெறுமை. கீழே படிக்கத் தலை குனிந்தால் குரல் மைக்கை விட்டு விலகும். தாள்களைப் பின் செய்யவில்லை, பக்க எண் மட்டும்.

இரண்டாவது அறிவுரை தொலைபேசியில் மருத்துவர் சொல்லும் மருந்தை எழுதி அவரிடமே திரும்பப் படித்துக்காட்டுவது பற்றியது. 80 சொல் கொண்ட அந்தப் பகுதியின் ஓரத்தில் கோடிட்டு, 'விடலாம்' என்று குறிக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்கள், அது இல்லாமலும் ஒட்டும்படி எழுதப்பட்டன.

விழாவில் நடந்தது

விழா 25 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. உரைகளைச் சற்றுக் குறைக்கும்படி தொகுப்பாளர் கேட்டுக்கொண்டார். பேச்சாளர் குறியிட்ட பகுதியை விட்டுவிட்டார். அவை அதை உணரவில்லை. காணொளியின்படி, மைக்கை நோக்கி நடக்கத் தொடங்கியதிலிருந்து 'வணக்கம்' வரை 7 நிமிடம் 10 விநாடி. எதிர்பார்த்தது 7 நிமிடம்.

கூடுதல் 10 விநாடி சிரிப்பு. பெரியவர் மறுபடி மணியை அழுத்தும் இடத்தில் மாணவர்கள் பக்கமிருந்து பலத்த சிரிப்பு எழுந்தது. யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. எல்லோருமே அப்படியொரு இரவைக் கண்டவர்கள் என்பதை யோசித்திருந்தால் எதிர்பார்த்திருக்கலாம். முதல் சிரிப்புக்குப் பேச்சாளர் நின்றார். இரண்டாவதில் நிற்காமல் தொடர்ந்தார். 'உட்கார்ந்தாள் அந்தப் பெண்' என்ற வாக்கியம் அந்தச் சத்தத்தில் பாதி அமுங்கியது. முடிவு முழுவதும் தங்கியிருந்த வாக்கியம் அது. இருந்தும் முடிவு நின்றது, அடுத்த வாக்கியங்களில் ஐந்து நிமிடமும் விடியலும் வந்ததால்.

கடைசி மூன்று வாக்கியங்களைத் தாளைப் பார்த்தே படித்தார். இடைநிறுத்தம் சரியாக விழுந்தது. சில நாள் கழித்து அமைப்பாளர் சில மாணவர்களிடம் பேச்சுவாக்கில் கேட்டபோது, அவர்கள் சொன்னது பெரியவரையும் உட்காருவதையும். கட்டிலருகே ஒப்படைப்பதை ஒருவர் நினைவுகூர்ந்தார். தொடக்கத்து நான்கு பகுதியை யாரும் சொல்லவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

சிரிப்பு வரக்கூடிய இடங்களைப் பிரதியிலேயே 'நில்' என்று குறிக்க வேண்டும். அது எங்கே என்று கண்டுபிடிக்க, பிரதியைப் படித்துக்காட்டும் இருவரில் ஒருவராவது அவையினரைப் போன்றவராக இருக்க வேண்டும். இம்முறை கேட்ட இருவரும் செவிலியத் தொழிலுக்கு வெளியே இருந்தவர்கள். தெளிவைச் சோதிக்க அது உதவியது, எதிர்வினையை அறிய உதவவில்லை.

முடிவு தாங்கி நிற்கும் சொல்லைக் கதையில் சிரிப்புக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. நடுவில் இரண்டு சாதாரண வாக்கியம் இருந்திருந்தால் சத்தம் அடங்கியிருக்கும்.

கடைசி 11 சொல் மட்டும் மனப்பாடம். படிப்பவராகவே இருந்தாலும் அவ்வளவு முடியும். ஒத்திகையை நேரத்துக்காக முழு உரையோடு ஒருமுறையும், முடிவுக்காகக் கடைசித் தாளை மட்டும் வைத்துப் பல முறையும் நடத்தினால் போதும். இம்முறை எல்லா ஒத்திகையும் முதல் வரியிலிருந்து தொடங்கியதால், முடிவுக்கு வரும்போது பேச்சாளர் ஒவ்வொரு முறையும் களைத்திருந்தார்.